விளாவிய வெந்நீர் ஏன் பிரிவதில்லை?

(அறிவியல் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெப்ப இயக்கவியல் பாடத்துக்காகத் தயாரிக்கப்படும் ஸ்லைடுகளில் ஒன்று எங்கும் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் ஒழுங்காக அடுக்கி வைத்த அறை, வலப்பக்கம் துணியும் புத்தகமும் இறைந்து கிடக்கும் அறை. கீழே ‘என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, அது எப்போதும் கூடும்’ என்று ஒரு வரி. அந்த ஸ்லைடை நான் இன்று காட்டப் போவதில்லை. அதைப் பார்த்து என்ட்ரோபியைக் கற்றுக்கொண்டவர்களால் ஒரு சொம்புத் தண்ணீருக்குக்கூட அதைக் கணக்கிட முடியாது. கணக்கிட முடிந்தால்தான் இரண்டாம் விதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது தெளிவாகும். ஆகவே நேராகத் தண்ணீருக்கே போவோம்.

திரையில் இரண்டு பாத்திரங்கள் இருக்கின்றன. ஒன்றில் 80 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் வெந்நீர். மற்றதில் 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர். குளிப்பதற்கு வெந்நீர் விளாவும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கப் போகிறது. ஆனால் நிதானமாகப் பார்ப்பதற்காக, இரண்டையும் கலக்காமல் நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு வைத்திருக்கிறேன். வெளியே வெப்பம் போகாதபடி சுற்றிலும் நன்றாக மூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இரண்டும் 50 டிகிரிக்கு வந்து நிற்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்றுவதற்குச் சுமார் 4,186 ஜூல் வெப்பம் வேண்டும். வெந்நீர் 30 டிகிரி இறங்கியது. அப்படியானால் ஏறத்தாழ 1,25,600 ஜூல் தகட்டைக் கடந்து போயிருக்கிறது. குளிர்ந்த நீர் அதே அளவைப் பெற்று 30 டிகிரி ஏறியது. ஒரு ஜூல்கூடத் தொலையவில்லை. ஆற்றல் அழியாது என்ற முதல் விதியின் கணக்கு இங்கே சரியாக நேராகிவிட்டது.

இப்போது இதையே திருப்பிப் போடுங்கள். 50 டிகிரியில் இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் ஒரு பாதி தானாகவே 80 டிகிரிக்கு ஏறுகிறது, மறு பாதி 20 டிகிரிக்கு இறங்குகிறது. இதிலும் ஒரு ஜூல் கூடவில்லை, குறையவில்லை. முதல் விதிக்கு இதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனாலும் இப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆற்றலைத் தவிர வேறு ஏதோ ஒன்றுக்கும் இயற்கை கணக்கு வைத்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

அந்தக் கணக்கை எழுதும் முறையைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் கிளாசியஸ் என்ற ஜெர்மானியர். 1850 தொடங்கிப் பல கட்டுரைகளில் அதைப் படிப்படியாகச் செதுக்கி, 1865இல் அந்த அளவுக்கு என்ட்ரோபி என்று பெயரிட்டார். முறை மிக எளியது. ஒரு பொருளுக்குள் வெப்பம் நுழைந்தால், அந்த வெப்பத்தை அந்தப் பொருளின் வெப்பநிலையால் வகுத்து வரவில் எழுத வேண்டும். வெளியேறினால் அதேபோல் வகுத்துச் செலவில் எழுத வேண்டும். ΔS = Q/T என்று திரையில் இருப்பது அதுதான். வெப்பநிலையைக் கெல்வினில் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. செல்சியஸ் எண்ணோடு 273-ஐக் கூட்டினால் கெல்வின். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். 80-ஆல் வகுத்தால் வரும் விடைக்கு எந்தப் பொருளும் இல்லை.

நம் பாத்திரங்களில் முதல் 1,000 ஜூல் தகட்டைக் கடக்கும் தருணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1,000 ஜூல் போனால் ஒரு லிட்டர் தண்ணீர் கால் டிகிரிகூட மாறாது. ஆகவே வெந்நீர் 353 கெல்வினிலும் குளிர்ந்த நீர் 293 கெல்வினிலும் இருப்பதாகவே எழுதலாம். வெந்நீரின் செலவு 1,000-ஐ 353-ஆல் வகுத்தால் 2.83. குளிர்ந்த நீரின் வரவு 1,000-ஐ 293-ஆல் வகுத்தால் 3.41. போனதும் வந்ததும் அதே 1,000 ஜூல்தான். ஆனால் என்ட்ரோபியில் செலவைவிட வரவு அதிகம். நிகரமாக 0.58 புதிதாகப் பிறந்திருக்கிறது. அதன் அலகு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்பது.

நேரம் போகப் போக வெந்நீர் 60 டிகிரிக்கு இறங்கிவிட்டது, குளிர்ந்த நீர் 40 டிகிரிக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். இப்போது கடக்கும் 1,000 ஜூலுக்குச் செலவு 3.00, வரவு 3.19. பிறப்பது 0.19 மட்டுமே. 51 டிகிரியும் 49 டிகிரியும் இருக்கும்போது பிறப்பது 0.02. இரண்டும் 50-ஐத் தொட்டதும் செலவும் வரவும் சமமாகி, அதற்குமேல் எதுவும் பிறப்பதில்லை. வெப்ப ஓட்டம் எங்கே நிற்கும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது: இனி கூட்டுவதற்கு என்ட்ரோபி மீதமில்லாத இடத்தில் நிற்கும்.

இந்தச் சிறுசிறு தவணைகள் எல்லாவற்றையும் கூட்டினால் (நுண்கணிதம் தெரிந்தவர்களுக்கு இது ஒரு மடக்கைத் தொகையீடு), வெந்நீர் இழந்த என்ட்ரோபி சுமார் 372. குளிர்ந்த நீர் பெற்றது சுமார் 408. நிகரம் 36. இந்த 36 என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே கவனித்துவிடலாம். வெந்நீரின் என்ட்ரோபி குறைந்தது. மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் காபிக்கும் இதே கதைதான்: ஆற ஆற அதன் என்ட்ரோபி குறைகிறது, அறைக் காற்றின் என்ட்ரோபி அதைவிட அதிகமாகக் கூடுகிறது. ‘எப்போதும் கூடும்’ என்று அந்த ஸ்லைடு சொல்வது ஒவ்வொரு பொருளுக்கும் பொருந்தாது. வெளியோடு வெப்பமோ வேலையோ பொருளோ பரிமாறிக்கொள்ளாத தனித்த அமைப்பின் மொத்தக் கூட்டுத்தொகை குறையாது என்பதுதான் விதி. அந்த நிபந்தனையை விட்டுவிட்டதால்தான், பூமியில் உயிர் தோன்றியதே இரண்டாம் விதிக்கு எதிரானது என்ற வாதம் இன்றும் மேடைகளில் கேட்கிறது. பூமி தனித்த அமைப்பு அல்ல. சூரியனிடமிருந்து ஒளியை வாங்கி, குளிர்ந்த விண்வெளிக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது.

சரி, 36 என்பது எதைக் குறிக்கிறது? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதல் பதிலின் வேர் கிளாசியஸுக்கும் முந்தியது. 1824இல் சாதி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியாளர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நீராவி எந்திரத்தால் அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதே அவருடைய கேள்வி. வெப்பம் என்பது ஒருவகைப் பாய்மம் என்று அன்று நிலவிய கருத்தை வைத்துத்தான் அவர் யோசித்தார். அந்தக் கருத்து பிறகு விழுந்துவிட்டது, அவர் கண்ட முடிவு நிலைத்து நின்றது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் அதனிடம் வேலை வாங்க முடியும். வேலை வாங்காமல் சும்மா இறங்கவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

நம் தகட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குறையே இல்லாத ஒரு எந்திரத்தை வைப்போம். வெந்நீரிலிருந்து 1,000 ஜூல் எடுக்கிறது. குறையற்ற எந்திரம் புதிதாக என்ட்ரோபியை உண்டாக்காது. ஆகவே வெந்நீர் செலவழித்த 2.83-ஐ மட்டும் குளிர்ந்த நீருக்குக் கொடுத்தால் போதும். 293 கெல்வினில் 2.83 என்ட்ரோபி கொடுக்க 830 ஜூல் வெப்பம் தேவை. மீதி 170 ஜூல் வேலையாகக் கையில் நிற்கிறது. தகடு இருந்தபோது அந்த 170 ஜூலும் வெப்பமாகவே குளிர்ந்த நீருக்குள் போய்விட்டது. தகட்டில் பிறந்த 0.58-ஐ 293-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 170. பிறந்த என்ட்ரோபி என்பது நழுவவிட்ட வேலையின் அளவு. அவ்வளவுதான் முதல் பதில்.

இதை இறுதிவரை ஓட்டினால் எந்திரத்துடன் இரண்டு நீரும் 50 டிகிரியில் நிற்காது, 48.6 டிகிரியில் நிற்கும். வித்தியாசம் வெறும் 1.4 டிகிரி. குளிக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் இரண்டு லிட்டர் தண்ணீரில் அந்த 1.4 டிகிரிக்குச் சமமான ஆற்றல் சுமார் 11,700 ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒருவரைச் சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு, ஏறக்குறைய ஆறு மாடி அளவுக்கு, தூக்கிவிட அது போதும். ஒரு சொம்பு வெந்நீரை ஒரு சொம்புத் தண்ணீரோடு விளாவும் ஒவ்வொரு முறையும் இந்த ஆறு மாடி நம் கையைவிட்டுப் போகிறது. ஆற்றல் எங்கும் போகவில்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. அதிலிருந்து வேலை வாங்கும் வழிதான் அடைபட்டது. நடைமுறையில் யாரும் குளியலறையில் எந்திரம் வைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு அனல்மின் நிலையத்தில் கொதிகலன், குழாய், குளிர்விப்பான் என்று ஒவ்வொரு இடத்திலும் பொறியாளர்கள் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்: எந்த இடத்தில் வெப்பநிலை வித்தியாசம் வீணாகச் சரிகிறது, அங்கே எவ்வளவு என்ட்ரோபி பிறக்கிறது?

இரண்டாவது பதில் லுட்விக் போல்ட்ஸ்மனுடையது. வெப்பத்தை ஏன் வெப்பநிலையால் வகுக்க வேண்டும்? அதே ஆயிரம் ஜூலுக்குக் குளிர்ந்த பொருளிடத்தில் ஏன் மதிப்பு கூடுகிறது? இதற்கு நாம் எண்ண வேண்டும். மூலக்கூறுகள் கோடானுகோடி என்பதால் முதலில் மிகச் சிறிய ஒரு மாதிரியை எடுப்போம். திடப்பொருளுக்கு இத்தகைய மாதிரியை 1907இல் ஐன்ஸ்டைன் பயன்படுத்தினார்.

திரையில் இரண்டு கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆற்றல் தங்கக்கூடிய மூன்று இடங்கள். ஆற்றல் சம அளவுச் சிப்பங்களாகத்தான் இருக்கும். மொத்தம் ஆறு சிப்பங்கள். தொடக்கத்தில் ஆறும் இடப்பக்கக் கட்டியில் இருக்கின்றன. அதுதான் நம் வெந்நீர். வலப்பக்கத்தில் ஒன்றுமில்லை.

மூன்று இடங்களில் ஆறு சிப்பங்களை எத்தனை விதமாக வைக்கலாம்? தாளில் எழுதிப் பார்த்தால் 28 விதம் வரும். ஐந்து சிப்பம் என்றால் 21 விதம், நான்குக்கு 15, மூன்றுக்கு 10, இரண்டுக்கு 6, ஒன்றுக்கு 3, ஒன்றுமே இல்லாதபோது 1. இப்போது ஒரே ஒரு சிப்பம் இடமிருந்து வலத்துக்குப் போகட்டும். சூடான கட்டியில் விதங்கள் 28-லிருந்து 21-ஆகக் குறைந்தன; முக்கால் பங்காயிற்று. குளிர்ந்த கட்டியில் 1-லிருந்து 3 ஆயிற்று, மூன்று மடங்கு. இரண்டு கட்டிகளுக்கும் சேர்த்துப் பெருக்கினால், முன்பு 28 விதம், இப்போது 63 விதம். போன சிப்பமும் வந்த சிப்பமும் ஒன்றுதான். ஏற்கெனவே நிறைய வைத்திருக்கும் இடத்தில் ஒன்று குறைவதால் வரும் இழப்பு சிறியது. கொஞ்சமாக வைத்திருக்கும் இடத்தில் ஒன்று கூடுவதால் வரும் பெருக்கம் பெரியது. வெப்பநிலையால் வகுப்பது இந்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது.

தொடர்ந்து எண்ணுங்கள். நான்கு–இரண்டு என்று பிரிந்தால் 90 விதம். மூன்று–மூன்று என்றால் 100. அதற்கப்பால் மறுபடியும் 90, 63, 28 என்று குறையும். மொத்தம் 462 விதங்கள். ஒவ்வொரு விதமும் நிகழச் சமவாய்ப்பு உள்ளது என்பதுதான் நாம் வைக்கும் ஒரே அனுமானம். சிப்பங்கள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எந்தத் தருணத்தில் பார்த்தாலும் ஆறும் இடப்பக்கமே இருப்பதற்கான வாய்ப்பு 462-இல் 28, சுமார் 6 விழுக்காடு. அதாவது இவ்வளவு சிறிய அமைப்பில் வெப்பம் அவ்வப்போது குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குத் திரும்பிப் போகும். இது கற்பனை அல்ல. மிக நுண்ணிய அமைப்புகளில் இத்தகைய ஏற்ற இறக்கங்களை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். இரண்டாம் விதிக்கு எல்லை எங்கே என்று கேட்டால், அது இங்கேதான்: எண்ணிக்கை சிறியதாக இருக்கும் இடத்தில்.

விதங்களைப் பெருக்க வேண்டியிருக்கிறது. என்ட்ரோபியையோ கூட்ட வேண்டியிருக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது மடக்கை. ஆகவே விதங்களின் எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து ஒரு மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி கிடைக்கும். இந்த உறவைப் போல்ட்ஸ்மன் 1877இல் வெளியிட்டார். வியன்னாவின் மத்திய கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறையில் S = k log W என்று செதுக்கியிருக்கிறார்கள். k என்ற மாறிலியின் மதிப்பு 1.38 × 10⁻²³. மிகமிகச் சிறிய எண்.

நினைவில் வைக்கச் சொன்ன 36-ஐ இப்போது இந்த மாறிலியால் வகுத்துப் பாருங்கள். விடை சுமார் 2.6 × 10²⁴. இது விதங்களின் எண்ணிக்கை அல்ல, அதன் மடக்கைதான். விதங்கள் எத்தனை மடங்கு பெருகின என்று எழுத வேண்டுமானால், ஒன்று போட்டு அதன் பின்னால் ஏறத்தாழ 10²⁴ சுழியங்கள் போட வேண்டும். நொடிக்குப் பத்து லட்சம் சுழியங்கள் எழுதினாலும் பிரபஞ்சத்தின் இதுவரையிலான வயது அதற்குப் போதாது. 50 டிகிரித் தண்ணீர் தானாக 80, 20 என்று பிரிவதற்கான வாய்ப்பு அந்த எண்ணில் ஒன்று. சிறு கட்டிகளில் நூற்றுக்கு ஆறு முறை நடந்தது இங்கே நடப்பதில்லை என்பதற்குத் தனியாக ஒரு தடைச் சட்டம் தேவைப்படவில்லை. எண்ணிக்கையே போதும். ஒரு வெப்பமானியும் வகுத்தலும் மட்டும் வைத்துக் கிளாசியஸ் எழுதிய கணக்கும், அணுக்களைப் பலரும் நம்பாத காலத்தில் அவற்றை எண்ணிப் போல்ட்ஸ்மன் எழுதிய கணக்கும் ஒரே 36-இல் வந்து சேர்கின்றன. இயற்பியலில் இதைவிட அழகான சந்திப்பு எனக்குத் தெரியாது.

கலைந்த அறைப் படத்தை நான் ஏன் ஒதுக்கினேன் என்பது இப்போது புரிந்திருக்கும். நம் இரண்டு பாத்திரங்களில் எது ஒழுங்கு, எது ஒழுங்கின்மை? பார்வைக்கு எல்லாம் தெளிந்த தண்ணீர்தான். சொல்லப்போனால் எங்கும் ஒரே சீரான 50 டிகிரிதான் அதிக ஒழுங்காகத் தோன்றுகிறது. ஆனால் அதற்குத்தான் என்ட்ரோபி அதிகம். கண்ணுக்குத் தெரியும் கலைவை அல்ல, கண்ணுக்குத் தெரியாமல் ஆற்றல் பங்கிடப்படும் விதங்களையே நாம் எண்ணுகிறோம்.

இனி, விதியை மீறுவதுபோல் தோன்றும் இரண்டு பொருள்களைப் பார்ப்போம். ஒன்று ஃபிரிட்ஜ். உள்ளே 5 டிகிரி, சமையலறையில் 35 டிகிரி. வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகிறது. உள்ளிருந்து 1,000 ஜூல் எடுத்தால், 278-ஆல் வகுக்க, செலவு 3.60. இது வெளியே ஈடாக வேண்டும். 308 கெல்வினில் 3.60 வரவு வைக்க 1,108 ஜூல் வெப்பம் தேவை. அந்த அதிகப்படி 108 ஜூலை மின்சாரம் தருகிறது. அதற்குக் குறைவாக மின்சாரம் எடுத்து அதே வேலையைச் செய்யும் ஃபிரிட்ஜை யாராலும் செய்ய முடியாது. வீட்டிலுள்ளவை இதைப்போல் பல மடங்கு எடுக்கின்றன. பின்பக்கத்துக் குழாய்கள் சுடுவது இந்த வெப்பத்தால்தான். வெயில் காலத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தால் சமையலறை குளிராது, இன்னும் சூடாகும்.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது: மண்பானை. அதற்கு மின்சாரம் கிடையாது. 35 டிகிரி அறையில் இருந்துகொண்டு பானைத் தண்ணீர் 27 டிகிரிக்கு இறங்கி நிற்கிறது. வெப்பத்தை யார் எடுத்தார்கள்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் வெளிப்பரப்பில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் உள்ளுறை வெப்பம் தேவை. அதில் பெரும்பகுதியைப் பானையும் அதிலுள்ள நீரும் கொடுக்கின்றன.

என்ட்ரோபிக் கணக்கைப் பாருங்கள். அந்த வெப்பம் முழுவதையும் பானைத் தண்ணீரே கொடுத்தது என்று வைத்தால், 2,430-ஐ 300-ஆல் வகுக்க, செலவு 8.1. நீர் அதே வெப்பநிலையில் நிறைவுற்ற ஆவியாக மாறும்போது அந்த ஆவிக்கு வரவும் 8.1. இதுவரை நிகரம் சுழியம். லாபம் இதற்கு அடுத்த படியில் வருகிறது. அறைக் காற்று வறண்டிருந்தால், பானையை ஒட்டி அடர்ந்திருக்கும் ஆவி வெளியே பரவி விரிகிறது. 35 டிகிரியில் 40 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், இந்தப் பரவலால் ஒரு கிராமுக்குச் சுமார் 0.2 கூடுகிறது. எட்டில் 0.2 மிகச் சிறிய பங்குதான். ஆனால் பானை முழுவதும் இயங்குவது அந்த 0.2-ஐ நம்பித்தான். காற்றின் வறட்சியே அதற்கு எரிபொருள்.

பானை எப்போது தோற்கும் என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றில் ஏற்கெனவே ஆவி நிறைந்திருக்கும்போது பரவலால் வரும் வரவு சுழியத்தை நெருங்குகிறது. பானைத் தண்ணீர் அறை வெப்பநிலையிலேயே நின்றுவிடுகிறது. பளபளப்பான பூச்சுப் பூசிய பானையில் துளைகள் அடைபடுவதால் கசிவே இல்லை. உப்புத் தண்ணீரை நெடுநாள் ஊற்றிய பானையிலும் துளைகளில் உப்புப் படிந்து இதே நிலை வரும். காரணம் காற்றா, பானையா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி விசிறிவிட்டுப் பாருங்கள், பக்கத்தில் உலர்ந்த வெப்பமானி ஒன்றையும் வையுங்கள். ஈர வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்தப் பானையும் தண்ணீரைக் கொண்டுபோகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினால் பானையில் குறையில்லை, காற்றில் இடமில்லை. ஈர வெப்பமானி பத்து டிகிரி குறைவாகக் காட்டியும் பானைத் தண்ணீர் குளிராமல் இருந்தால், பானையை மாற்றலாம்.